அரை மணி நேரம்

அன்புள்ள தோழிக்கு,

உன் மெயில் வந்து மூன்று வாரமாகிவிட்டது. வேலை அதிகம் என்று பொய் சொல்ல மாட்டேன். நீ கேட்டதற்குப் பதில் தெரியவில்லை, அதனால்தான் எழுதவில்லை. இப்போதும் முழுசாகத் தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் நேற்று ஒன்று நடந்தது. அதைச் சொன்னால் பாதிப் பதிலாவது அதற்குள் இருக்கும் என்று தோன்றுகிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

பிளெட்ச்லி பார்க்கில் இருக்கும் தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னேன் இல்லையா? "வாரத்துல அஞ்சு நாள் கம்ப்யூட்டர் பத்தாதா, ஆறாவது நாளும் வேணுமா?" என்று நீ சிரித்தாய். இத்தனை நாள் பயிற்சி. மற்றவர்கள் பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது பின்னாலேயே போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்றுதான் முதன்முதலாக ஒரு குழுவை என் கையில் கொடுத்தார்கள். முப்பதைத் தாண்டிய என்னை இங்கே எல்லோரும் சின்னப் பொண்ணு என்கிறார்கள். அவர்களில் பலர் ஓய்வு பெற்ற இன்ஜினியர்கள். எனக்குத் துணையாக நின்றவர் டெலிபோன் எக்சேஞ்சில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர். ரிலே சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவரைப் பெரியவர் என்றே எழுதுகிறேன்.

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கொலோசஸைப் பார்க்கத்தான் வருகிறார்கள். போரில் ஜெர்மானியச் செய்திகளின் மறைகுறியை உடைக்க உதவிய இயந்திரம். இப்போது ஓடுவது பின்னாளில் திரும்பக் கட்டியது. எனக்குக் கொடுத்தது அதை இல்லை. அதிகம் பேர் கேள்விப்படாத, 1951-இல் ஓட ஆரம்பித்த ஹார்வெல் டெகட்ரான். செல்லப் பெயர் விட்ச், அதாவது சூனியக்காரி. இது திரும்பக் கட்டியது அல்ல. அதே பழைய இயந்திரம், பழுது பார்த்து ஓடவிட்டிருக்கிறார்கள்.

நம் வீட்டு ஹாலின் ஒரு சுவரை முழுசாக அடைத்துக்கொள்ளும் அளவு. இரண்டரை டன் எடை. முன்பக்கம் கதவு எதுவும் கிடையாது, எல்லாம் திறந்தே கிடக்கும். வரிசை வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள், 828 குழாய்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி ஒளிரும். அந்தப் புள்ளி வட்டமாக நகரும். கீழே 480 ரிலேக்கள் கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். தறிப்பட்டறைக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவள் நீ. அந்தச் சத்தம் உனக்குப் பழகினதுதான்.

என் குழுவில் பதினோரு பேர். இரண்டு குடும்பங்கள், ஒரு இளம் ஜோடி, தனியாக வந்த ஒரு பாட்டி. பாட்டிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். கைத்தடி, நீல நிறக் கோட்டு. ஒரு குடும்பத்தில் பத்து வயசுப் பெண் குழந்தை ஒன்று, எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன். ஹார்வெல் என்பது பிரிட்டனின் அணு ஆராய்ச்சி நிலையம். போருக்குப் பிறகு அங்கே கணக்குகள் மலைபோலக் குவிந்தன. சின்னப் பையன்களும் பெண்களும் மேசைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அவற்றைப் போட்டார்கள். அந்த வேலையைச் செய்வதற்குத்தான் இதைக் கட்டினார்கள். இதுவரை சரி. அடுத்ததாக, "மனிதர்களைவிட வேகமாகக் கணக்குப் போட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இயந்திரம் பிறந்தது" என்றேன். நல்ல தொடக்கம் என்று எனக்கே ஒரு திருப்தி.

பாட்டி கேட்டார். "ஒரு பெருக்கல் போட இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சுலேருந்து பத்து செகண்ட்."

"பத்து செகண்டா?" என்று அவர் கொஞ்ச நேரம் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் அதே நேரத்துல போட்டிருப்பேனே அம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். கேலி இல்லை, அன்பான சிரிப்புத்தான். ஆனாலும் என் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் அவர் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. படித்த எண்ணும் சொன்ன வாக்கியமும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. அதைக் கவனிக்காமலேயே இரண்டையும் சேர்த்து மனப்பாடம் செய்திருக்கிறேன். பெரியவரைப் பார்த்தேன். அவர் பேசவில்லை, நீயே பார்த்துக்கொள் என்கிற மாதிரி நின்றார்.

பாட்டி தன் கதையைச் சொன்னார். பதினேழு வயதில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாராம். கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் இயந்திரம். இல்லாத கைப்பிடியைக் காற்றிலேயே பிடித்துச் சுற்றிக் காட்டினார். அந்தக் கை எதையும் மறக்கவில்லை.

அவர் காட்டியதை ஒரு கணக்காகவே சொல்கிறேன், உனக்குப் புரியும். 247-ஐ 36-ஆல் பெருக்க வேண்டும். 247-ஐ நெம்புகோல்களில் வைத்து, கைப்பிடியை ஆறு தடவை சுற்ற வேண்டும். 247 ஆறு தடவை கூடி, 1482 வரும். பிறகு வண்டியை ஒரு கட்டம் நகர்த்தினால் 247 இப்போது 2470 ஆகிவிடும். மூன்று தடவை சுற்றினால் 7410 அதோடு சேரும். மொத்தம் 8892. ஒன்பது சுற்று, ஒரு நகர்த்தல். பெருக்கல் என்று தனியாக ஒன்றுமே அதில் இல்லை, எல்லாம் கூட்டல்தான்.

"இந்தச் சூனியக்காரியும் அதேதான் செய்யுது" என்று அப்போதுதான் பெரியவர் வாயைத் திறந்தார். "ஆறு தடவை கூட்டும், ஒரு இடம் தள்ளும், மூணு தடவை கூட்டும். உங்க கை செஞ்ச வேலையை ரிலே செய்யுது. வழி ஒண்ணா இருந்தா நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தானே இருக்கும்?"

அந்தக் குழந்தை உடனே, "அப்ப எப்படிக் கூட்டுது?" என்றது.

டெகட்ரான் குழாயைப் பற்றிப் பயிற்சியில் படித்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. உள்ளே வாயு இருக்கும், நடுவில் ஒரு தட்டு, அதைச் சுற்றிப் பத்துக் கம்பிகள். பத்தில் ஏதாவது ஒரு கம்பியில் மட்டும் ஒளி நிற்கும். ஒரு மின்துடிப்புக் கொடுத்தால் ஒளி அடுத்த கம்பிக்குத் தாவும். முன்பக்கம் போக வேண்டிய ஒளி பின்பக்கம் போய்விடாமல் இருக்க, இரண்டு கம்பிகளுக்கு நடுவே வழிகாட்டிக் கம்பிகள் இரண்டு. ஆக ஒரு குழாய்க்குள் ஓர் இலக்கம் உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கம்பியில் ஒளி இருக்கிறதோ அதுதான் இலக்கம். நம் கம்ப்யூட்டர் மாதிரி ஒன்று, பூஜ்யம் என்ற கதையே கிடையாது. நாம் விரலை வைத்து எண்ணும் மாதிரி பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.

இதைச் சொன்னால் அந்தக் குழந்தைக்குப் புரியாது. குழாயில் இருக்கும் எண்ணைப் படிப்பது எப்படி என்பது பெரியவர்களுக்கும் புரியாது. எனக்கே முதல் இரண்டு வாரம் புரியவில்லை. அப்போதுதான் மதியச் சாப்பாட்டுப் பையில் ஒரு ஆரஞ்சுப் பழம் இருப்பது ஞாபகம் வந்தது.

பாட்டியை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு மற்ற பத்துப் பேரையும் வட்டமாக நிற்க வைத்தேன். குழந்தைதான் பூஜ்யம். அதற்கு அடுத்தவர் ஒன்று, அதற்கடுத்து இரண்டு, இப்படி ஒன்பது வரை. ஆரஞ்சை ஏழாம் ஆள் கையில் கொடுத்தேன். இந்தக் குழாய்க்குள் இருக்கும் எண் ஏழு. நான் சரியாகப் பத்துத் தடவை கை தட்டுவேன். ஒவ்வொரு தட்டுக்கும் பழம் ஒரு ஆள் தள்ளிப் போக வேண்டும். பழம் குழந்தையின் கைக்கு வந்ததும் அது "வந்துடுச்சு" என்று கத்த வேண்டும். அதற்குப் பிறகு வரும் தட்டல்களை மட்டும் பாட்டி எண்ண வேண்டும்.

தட்டினேன். ஒன்று, பழம் எட்டாம் ஆளிடம். இரண்டு, ஒன்பதாம் ஆளிடம். மூன்று, குழந்தையிடம். கூரை அதிரக் கத்தியது. பாட்டி எண்ண ஆரம்பித்தார். பத்தாவது தட்டோடு நான் நிறுத்தியபோது அவர் எண்ணி முடித்தது ஏழு. பழம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், மறுபடி ஏழாம் ஆள் கையில்!

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு இளம் ஜோடியில் அந்தப் பெண், "ஏழு அங்கயும் இருக்கு, இங்கயும் வந்துடுச்சு" என்றாள். அதேதான்டி. பத்துத் தட்டு கொடுத்தால் ஒளி ஒரு முழு வட்டம் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். எனவே எண் அழியாது. ஆனால் பூஜ்யத்தைத் தாண்டிய பிறகு வருகிற தட்டல்கள் அந்த எண்ணின் நகல். பாட்டி இருந்த இடத்தில் இன்னொரு குழாய் இருந்தால் அந்த ஏழு தட்டல்களும் அதன் ஒளியை ஏழு இடம் நகர்த்தும். அதில் ஏற்கெனவே ஐந்து இருந்தால், பூஜ்யத்தைத் தாண்டி இரண்டில் வந்து நிற்கும். தாண்டியதைக் குறித்துவைத்து இடதுபக்கக் குழாயை ஓர் இடம் தள்ளிவிட வேண்டும். பன்னிரண்டு. ஒன்றாம் வகுப்பில் நாம் "மீதி ஒன்று" என்று தலையில் போட்டது இதுதான்.

"முதல்ல தட்டின மூணை எண்ணியிருந்தா?" என்று அந்தக் குழந்தை கேட்டது. நான் எதிர்பார்க்காத கேள்வி. மூன்றும் ஏழும் பத்து. ஒரே இலக்கம் என்றால், ஏழைக் கழிப்பதும், மூன்றைக் கூட்டிவிட்டு வருகிற பத்தை விட்டுவிடுவதும் ஒன்றுதான். கழித்தலுக்கான விதை அதில்தான் இருக்கிறது. நான் சொல்லிக்கொடுக்காமலேயே அந்தப் பிள்ளை பாதித் தூரம் வந்துவிட்டது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நான் முதலில் சொன்ன பொய் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. வேகத்துக்காகக் கட்டவில்லை என்றால் எதற்காகத்தான் கட்டினார்கள்? பாட்டிதான் அதைத் திரும்பக் கேட்டார். பதிலைப் பெரியவர் சொன்னார்.

ஹார்வெலில் ஃபோஸி என்று ஒருவர் இருந்தார். கையால் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர். ஒருநாள் தன் மேசைக் கால்குலேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார், போட்டிக்கு. அதே கணக்கு, அதே வரிசை. அரை மணி நேரம் மூச்சுவிடாமல் போட்டார். இயந்திரத்துக்குக் கொஞ்சமும் பின்தங்கவில்லை. அதற்கு மேல் முடியவில்லை, களைத்துப்போய் எழுந்துவிட்டார். இயந்திரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அரை மணி நேரமா?" என்று பாட்டி கேட்டார். சிரிக்கவில்லை.

இயந்திரத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான குக்-யார்பரோ இதை ஒளித்துவைக்கவில்லை. மெதுவான கணினி ஒன்று தன் இருப்பை நியாயப்படுத்த வேண்டுமானால், அது ஆள் இல்லாமல் நெடுநேரம் ஓட வேண்டும், ஓடும் நேரத்தில் பெரும்பகுதி உருப்படியான கணக்கில் போக வேண்டும் என்று 1953-இலேயே எழுதியிருக்கிறார். 1952 மே முதல் 1953 பிப்ரவரி வரை இது வாரத்துக்குச் சராசரியாக 80 மணி நேரம் ஓடியது. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் நீளமான காகித நாடாவில் எண்களை ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்களாம். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததாம்.

இதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வேகமானதைத் தேடியிருந்தால் அவர்கள் இந்தக் குழாயைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். அதே காலத்தில் வேறு இடங்களில் ரேடியோ வால்வுகளை வைத்துப் பல மடங்கு வேகமான கணினிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வால்வு சூடாகும், அடிக்கடி போகும், பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும். டெகட்ரான் குழாய் மெதுவானது, ஆனால் குளிர்ச்சியானது, மின்சாரம் குறைவாகக் குடிக்கும். ரிலேயும் அப்படித்தான், டெலிபோன் எக்சேஞ்சில் பல வருஷம் உழைத்துப் பேர் வாங்கிய அதே வகை. அவர்கள் வேகத்தை விற்றுப் பொறுமையை வாங்கினார்கள்.

பொறுமைக்கும் எல்லை உண்டு. பெரியவர் அதையும் காட்டினார். ஒரு குழாய் வருஷக்கணக்காக ஒரே இலக்கத்தில் நின்றுவிட்டால் ஒளிக்கு அந்த இடம் பழகிவிடும். பிறகு துடிப்பு கொடுத்தாலும் நகராமல் ஒட்டிக்கொள்ளும். கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பக்கத்துக் குழாய்களில் எல்லாம் புள்ளி ஓடும், இதில் மட்டும் தயங்கும். வைத்தியம், குழாயைப் பல மணி நேரம் சும்மா சுற்றவிடுவது. மறுபடி நகரப் பழகிக்கொள்ளும். காகித நாடா இன்னொரு பிரச்சினை. ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமென்றால் நாடாவின் இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிப் போடுவார்கள். நாம் தினமும் எழுதும் `loop` அங்கே நிஜமாகவே தொங்கிக்கொண்டிருக்கிறது. கையால் தொட்டுப் பார்த்தபோது எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. காகிதம் என்பதால் சுற்றிச் சுற்றித் தேயும், புதிதாகத் துளை போட்டு மாற்ற வேண்டும்.

பாட்டி நாடாவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எங்க ஆபீஸ்ல ஒவ்வொரு கணக்கையும் ரெண்டு பொண்ணுங்க போடணும். ஒருத்தி போட்டதை இன்னொருத்தி பாக்கக் கூடாது. ரெண்டு விடையும் ஒத்துப்போனாத்தான் கணக்குப் புஸ்தகத்துல ஏறும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஒத்துப்போகாதது அதிகமாகும். மேனேஜர் எங்களைத் திட்டுவார். அந்த ஆளுக்கு அரை மணி நேரம். எங்களுக்கு எட்டு மணி நேரம்."

அப்போதுதான்டி எனக்கு உன் ஞாபகம் வந்தது.

நீ என்ன கேட்டிருந்தாய்? ஆறு வருஷமாக நீ கையால் செய்துகொண்டிருந்த டெஸ்டிங் வேலையை உங்கள் ஆபீஸில் ஒவ்வொன்றாக ஸ்கிரிப்டாக மாற்றுகிறார்கள். உன் டீமில் பன்னிரண்டு பேர் இருந்தது இப்போது ஏழு. "நீ அந்தப் பக்கம் இருக்கிறவ. நீங்கதான் அந்த ஸ்கிரிப்டை எழுதுறீங்க. உண்மையைச் சொல்லு, என்கிட்ட இல்லாதது அதுல என்ன இருக்கு?" என்று கேட்டிருந்தாய்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் எங்கள் ஆபீஸிலும் அதே வேலையை நான்தான் செய்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அதை மேலே இருப்பவர்களுக்கு விளக்கும் ஸ்லைடில் பெரிய எழுத்தில் "வேகம்" என்றுதான் போட்டேன். நேற்று அந்த இயந்திரத்தின் முன்னால் நின்று சொன்ன அதே பொய். ஒரு ஸ்கிரீனைத் திறந்து, விவரத்தை நிரப்பி, விடையைச் சரிபார்க்க என் ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதி, பக்கம் வரும் வரை காத்திருப்பதில்தான் போகிறது. பழகின கை ஒன்று அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரம் பின்தங்காது. உன்னிடம் இல்லாத ஒன்று அதனிடம் உண்டு. நானூறாவது கேஸை அது முதல் கேஸ் மாதிரியே பார்க்கும். ராத்திரி இரண்டு மணிக்கும் பார்க்கும். சாயங்காலம் நாலு மணி என்பதே அதற்குக் கிடையாது. அதை வேகம் என்று எழுதினால் உன்னை மந்தம் என்று சொன்ன மாதிரி ஆகிறது. நீ மந்தம் இல்லை. உனக்குக் களைப்பு வரும், அவ்வளவுதான். இரண்டும் வேறு.

இன்னொரு பாதியும் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த பில்லிங் ஸ்கிரீனில் நீ பிடித்த தப்பு ஞாபகம் இருக்கிறதா? கேஸில் சரிபார்க்கச் சொன்னது தொகையை மட்டும். தொகை சரியாக இருந்தது. ஆனால் பில்லின் மேலே முந்தைய வாடிக்கையாளரின் பெயர் இருப்பதை நீ பார்த்தாய். ஸ்கிரிப்டாக இருந்திருந்தால் பச்சைக் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கும். நாடாவில் துளை போட்டிருப்பதை மட்டும்தான் அந்தச் சூனியக்காரியும் படிக்கும். பத்து நாள் ஆளில்லாமல் ஓடியது என்றால், அந்தப் பத்து நாளுக்கும் என்ன கேட்க வேண்டும் என்று யாரோ முன்னாலேயே உட்கார்ந்து யோசித்து நாடாவில் ஏற்றியிருக்கிறார்கள்.

இதை வைத்து உன்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கவில்லை. நீ பிடித்த அந்தத் தப்பு மறுநாளே கேஸ் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்ந்தது. இப்போது அந்த வரியை ஸ்கிரிப்ட்தான் பார்க்கிறது. நாடாவை யோசித்து எழுத ஆள் வேண்டும், உண்மை. ஆனால் கைப்பிடி சுற்றிய பன்னிரண்டு பேருக்கும் அங்கே நாற்காலி இல்லை, அதுவும் உண்மை. பாட்டியிடம் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். ஆபீஸுக்குக் கணினி வந்ததும் அவரை அட்டையில் துளை போடும் வேலைக்கு மாற்றினார்களாம். எதைத் துளை போடுவது என்று தீர்மானித்தவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள், எல்லோரும் ஆண்கள். "கேட்டிருந்தா எனக்கும் சொல்லிக் கொடுத்திருப்பாங்களோ என்னவோ. கேக்கணும்னு தோணலை" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, சும்மா ஒரு தகவல் மாதிரி சொன்னார்.

இந்த இயந்திரத்தின் மீதிக் கதையையும் குழுவுக்குச் சொல்லி முடித்தேன். 1957-இல் ஹார்வெலுக்கு இது தேவைப்படவில்லை. யார் நன்றாகப் பயன்படுத்துவார்களோ அவர்களுக்கே தருகிறோம் என்று கல்லூரிகளுக்குப் போட்டி வைத்தார்கள். வுல்வர்ஹாம்ப்டனில் இருந்த ஒரு தொழில்நுட்பக் கல்லூரி ஜெயித்தது. விட்ச் என்ற பெயர் அங்கேதான் வந்தது. 1973 வரை மாணவர்கள் அதில் புரோகிராம் எழுதப் படித்தார்கள். ஆராய்ச்சிக்கு ஆகாது என்று ஒதுக்கிய அதே மந்தம் வகுப்பறையில் உதவியாகிவிட்டது. எண் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடியும் இல்லையா? பிறகு பர்மிங்ஹாமில் ஒரு அருங்காட்சியகம், அது மூடியதும் பிரித்துப்போட்டுக் கிடங்கு. கிடங்கின் ஒரு போட்டோவில் அதன் பாகத்தை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டதால் 2009-இல் இங்கே வந்தது. மூன்று வருஷம் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பழுது பார்த்து 2012 நவம்பரில் மறுபடி ஓடவிட்டார்கள்.

எல்லோரும் கிளம்பும்போது இளம் ஜோடியில் அந்தப் பையன், "என் போன் இதைவிட எத்தனை கோடி மடங்கு வேகம்?" என்று கேட்டான். பெரியவர் சொன்னார், "அது இருக்கட்டும் தம்பி. சார்ஜ் போடாம உன் போன் பத்து நாள் ஓடுமா?" இதில் கொஞ்சம் ஏமாற்று வேலை இருக்கிறது. இந்த இயந்திரமும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது, ஒன்றரை கிலோவாட். நான் பெரியவரை முறைத்தேன். அவர் கண்ணடித்தார்.

பாட்டி கடைசியாகப் போனார். போகும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த குழுவுக்கு என்ன சொல்லுவே?" என்றார். "இது வேகமான இயந்திரம் இல்லைன்னு ஆரம்பிப்பேன்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மதியம் இரண்டாவது குழு வந்தது. அப்படியே ஆரம்பித்தேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஃபோஸி கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அதில் பத்துப் பேர் இல்லை, ஆறு பேர்தான். வட்டம் போட முடியவில்லை. தரையில் பத்துக் காகிதத் துண்டு வைத்து ஒப்பேற்றினேன். ஒரு தடவை தட்டலை நானே பதினொன்றாகத் தட்டிவிட்டேன், ஏழு எட்டாகிவிட்டது. ஒரு தாத்தா கண்டுபிடித்துவிட்டார். எனக்கும் களைப்பு வரும் இல்லையா?

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கேஸ் பட்டியலில் எழுதாமல் நீயாகப் பார்ப்பவை எவை என்று ஒரு காகிதத்தில் எழுது. பெயர் மாறியிருக்கிறதா, தேதி நேற்றையதாக இருக்கிறதா, பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் என்ன ஆகிறது, இந்த மாதிரி. நீ செய்வதில் பாதி உனக்கே தெரியாமல் செய்வதுதான், எழுதினால்தான் தெரியும். எழுதி யாரிடமும் கொடுத்துவிடாதே. முதலில் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் உட்கார்ந்து அதை ஸ்கிரிப்டாக எழுத உனக்குச் சொல்லித் தருகிறேன். போன வருஷமே நானாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதனால் வேலை மிஞ்சும் என்று சத்தியம் செய்ய முடியாது. மேல்மாடியில் என்ன நடக்கிறது என்றாவது உனக்குத் தெரிந்திருக்கும்.

அந்த ஆரஞ்சைக் குழந்தை பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தது. பத்துக் கை மாறி நசுங்கிப்போயிருந்தது. ரயிலில் வரும்போது உரித்துச் சாப்பிட்டேன். அடுத்த சனிக்கிழமைக்குக் கடினமான தோல் இருக்கிற பழமாக வாங்க வேண்டும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி